அது சிவப்பாக மாற முயலவில்லை

ஒரு பச்சோந்தியை ஏழு நிறச் சேலைகளில் மாற்றி மாற்றி விட்டு எடுத்த அந்த வீடியோவைத் தயவுசெய்து இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். பச்சைச் சேலையில் பச்சோந்தி பச்சையாக இருந்ததும் கைதட்டல். சிவப்புச் சேலையில் விட்டதும் அது கறுத்து, உடம்பெங்கும் புள்ளி விழுந்து, வயிறு உப்பி நின்றது. "பாவம், சிவப்பு வரவில்லை போலிருக்கிறது" என்று எழுதிச் சிரித்திருந்தார்கள். அது சிவப்பாக மாற முயலவில்லை, பயந்துபோயிருக்கிறது என்று ஒரே ஒரு வரி எழுதினேன். அதற்குத்தான் எனக்கு "மேதாவி" பட்டம். நன்றி.

மறுபடியும் சொல்கிறேன். பச்சோந்தி தரையைப் பார்த்துச் சாயம் பூசிக்கொள்வதில்லை. அதன் இயல்பான பச்சையே இலைக்குள் மறைவதற்குப் போதும். சும்மா இருக்கும்போதுதான் அது மறைந்திருக்கிறது. மாறுகிறது என்றால் பெரும்பாலும் கோபம், பயம், காதல், தோல்வி, இல்லையென்றால் குளிர். நமீபியப் பாலைவனத்தில் வாழும் நமக்வா பச்சோந்தி, காலையில் வெயிலை உறிஞ்சக் கறுத்து, உச்சிவெயிலில் வெளுத்துவிடுகிறது. அடியில் இருக்கும் மணல் அதே மணல்தான்.

எப்படி மாறுகிறது என்பதை மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியை வைத்து ஜெனீவா பல்கலைக்கழகத்தினர் 2015இல் காட்டினார்கள். அதன் தோல் செல்களுக்குள் குவானின் என்ற பொருளின் நுண்ணிய படிகங்கள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன. ஆண் அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கியிருந்து நீல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. மேலே இருக்கும் மஞ்சள் நிறமியோடு அது சேர, நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. இன்னொரு ஆணைக் கண்டதும் படிகங்களுக்கு இடையே இடைவெளி கூடுகிறது. சில நிமிடங்களில் பச்சை மஞ்சளாகிறது. ஒளிந்துகொள்ள வேண்டிய பிராணி, எதிரி வந்த நேரத்தில் பளிச்சென்று மஞ்சளாகுமா?

ஏமன் பக்கத்து முக்காட்டுப் பச்சோந்திகளை அரிசோனாவில் இரண்டிரண்டு ஆண்களாக எதிரெதிரே விட்டுப் படமெடுத்துப் பார்த்தார்கள். 2013இல் வெளிவந்த ஆய்வு அது. உடம்பின் பட்டைகள் அதிகம் பளிச்சிட்ட ஆண்தான் எதிராளியை நெருங்கிப் போனது. தலை அதிகமாகவும் வேகமாகவும் பளிச்சிட்ட ஆண்தான் பெரும்பாலும் வென்றது. கடித்துக்கொள்வதற்கு முன்பே பாதிச் சண்டையை நிறத்திலேயே போட்டுவிடுகின்றன. தோற்றது என்ன செய்யும் தெரியுமா? கறுத்துப்போகும். "விட்டுவிடு, போகிறேன்" என்பதற்கு அதனிடம் இருக்கும் சொல் அந்தக் கறுப்பு. அந்த வீடியோவில் நீங்கள் பார்த்த கறுப்பும் விளையாட்டு இல்லை.

"அப்படியானால் மறைவதற்காக மாறுவதே இல்லையா?" என்று ஒருவர் மரியாதையாகக் கேட்டிருந்தார். அவருக்கு மட்டும் பொறுமையாகப் பதில் சொல்கிறேன். உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஒரு குள்ளப் பச்சோந்தி, பறவையைக் கண்டால் பின்னணியோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. பாம்பைக் கண்டால் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் அதே குள்ளப் பச்சோந்திகளில் 21 வகைகளை ஒப்பிட்டபோது, அதிகமாக நிறம் மாறியவை பல வண்ணச் சூழலில் வாழ்பவை அல்ல. தம் இனத்துக்குக் கண்ணைப் பறிக்கும் சைகை காட்டுபவைதான். மற்றபடி "எங்கள் ஆயா சொன்னது பொய்யா?" என்பவர்களுக்கு: ஆம், ஆயாவும் தவறலாம். ஓணானின் கழுத்து சிவந்தால் நம் ரத்தத்தை உறிஞ்சுகிறது என்று சொன்னதும் அதே ஆயாதான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறீர்கள். ஆறாம் வகுப்பு விடுமுறையில் நாங்கள் நான்கு பையன்கள் வேப்பமரத்திலிருந்து ஒரு பச்சோந்தியைப் பிடித்துப் பெரியப்பாவின் சிவப்புத் துண்டில் விட்டோம். இதே கறுப்பு, இதே புள்ளிகள். வாயைத் திறந்து சீறியது. "மாறுது, மாறுது" என்று குதித்தோம். பிறகு நீல வாளி, பிறகு ஒரு மஞ்சள் பை. கடைசியில் செருப்புப் பெட்டிக்குள் போட்டு மூடித் திண்ணையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திண்ணைக்கு வெயில் வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மாலையில் திறந்தபோது எறும்பு மொய்த்திருந்தது. ஒரு நிறத்திலும் இல்லை. பெரியப்பா ஒன்றும் திட்டவில்லை, துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

அதனால் "ஒரு வீடியோவுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா" என்று என்னிடம் சொல்லாதீர்கள். நாங்கள் செய்தது அறியாமை. இதைப் பல ஆயிரம் பேர் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், சிலர் தங்கள் தெருவில் தேடப்போவதாகவும் எழுதியிருக்கிறார்கள். நாற்பத்திரண்டாவது நொடியில் நிறுத்திப் பாருங்கள். வளையல் போட்ட ஒரு கை பக்கவாட்டில் வருகிறது, பச்சோந்தி வாயைத் திறக்கிறது. சீறும் சத்தம் கேட்காது. மேலே ஒரு பாட்டைப் போட்டிருக்கிறார்கள்.

அதைத் திரும்ப மரத்தில் விட்டார்களா என்று கீழே இரண்டு முறை கேட்டேன். சிரிக்கும் முகம் ஒன்று பதிலாக வந்தது.