முளைவிட்ட பூண்டுக்கு விலைப்பட்டியல்

கொடைக்கானலிலிருந்து மலைப்பூண்டும் வீட்டுத் தயாரிப்புச் சாக்லேட்டும் கூரியரில் அனுப்புகிறோம். ஆர்டர்கள் பெரும்பாலும் இன்ஸ்டாகிராம் செய்திகளாகத்தான் வருகின்றன. சீசனில் பதில் எழுதியே விரல் தேய்ந்ததால், வரும் செய்திகளை விற்பனை, குறை, குப்பை என்று தானாகப் பிரிக்கும் செயலி ஒன்றை இணைத்தோம். முதல் வாரத்திலேயே மானம் போனது.

மதுரையிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார்: "போன முறை வந்த பூண்டில் பாதி முளைவிட்டிருந்தது. இரண்டு கிலோ மறுபடி அனுப்புவீர்களா?" செயலி 'இரண்டு கிலோ', 'அனுப்புவீர்களா' என்பதைப் பிடித்துக்கொண்டு விற்பனையில் தள்ளியது, விலைப்பட்டியலும் பணம் கட்டும் இணைப்பும் உடனே போய்விட்டன. அவர் கேட்டது மாற்றுப் பூண்டு. அடுத்து வந்த செய்தியை இங்கே எழுத முடியாது.

ஒரே செய்தியில் ஆர்டரும் குறையும் கலந்திருந்தால் குறைதான் முன்னே போக வேண்டும் என்பது என் கட்சி. விலை கேட்டவர் ஒரு மணி நேரம் காத்திருப்பார்; அழுகிய சரக்கு வாங்கியவர் காத்திருக்க மாட்டார். இப்போது செயலி சொற்களைப் பார்க்கும் முன் ஆர்டர் ஏட்டைப் பார்க்கிறது. கடந்த 30 நாளில் வாங்கியவர் என்றால், அவர் எதை எழுதினாலும் அது குப்பைக்குப் போகாது. இணைப்பு இருந்தாலே குப்பை என்று முதலில் வைத்திருந்தோம். 'உங்கள் பக்கம் நீக்கப்படும், இங்கே அழுத்துங்கள்' என்ற மிரட்டல்களோடு, பார்சல் எங்கே நிற்கிறது என்று கூரியர் இணைப்பை அனுப்பிய வாடிக்கையாளரும் அதில் சிக்கிக்கொண்டார். ஆகவே குப்பையை அழிப்பதில்லை. இரவில் கடை சாத்தியதும் ஒருமுறை புரட்டிப் பார்க்கிறேன்.

செயலி விற்பவர்கள் 95 விழுக்காடு சரி என்பார்கள். 200 செய்திகளில் 10 மட்டும் குறை என்றால், அந்தப் பத்தையும் கோட்டைவிட்டு, மற்றதைச் சரியாகப் பிரித்தாலும் அதே 95 வரும். பழைய செய்திகளைக் கையால் பிரித்து வைத்துக்கொண்டு, குறைகளில் எத்தனை தப்பின என்று மட்டும் எண்ணுங்கள்.

மனிதரிடம் கைமாற்றுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நான் பதில் எழுதத் தொடங்கியதும் அந்த உரையாடலில் செயலி வாய்மூட வேண்டும். எங்களுடையது நடுவில் புகுந்து 'வணக்கம், என்ன வேண்டும்?' என்றது. ஆர்டர் விவரமும் முந்தைய செய்திகளும் என் கண்முன் வர வேண்டும். வாடிக்கையாளரை முதலிலிருந்து கதை சொல்ல வைக்கக் கூடாது. இன்னொன்று, இன்ஸ்டாகிராமில் வாடிக்கையாளரின் கடைசிச் செய்தியிலிருந்து 24 மணி நேரம்தான் தானியங்கிப் பதிலுக்கு அனுமதி. செயலி வழியாக மனிதர் எழுதும் பதிலுக்கென்று தனி அனுமதி பெற்றிருந்தால் 7 நாள் வரை எழுதலாம். மழையில் மின்சாரமும் சிக்னலும் போகும் ஊரில் அந்த அனுமதியை முதலிலேயே வாங்கிவிடுவது நல்லது.

எதிலும் சேராதவற்றுக்கு 'தெரியவில்லை' என்று நான்காவது பெட்டியும் வைத்திருக்கிறோம். நேற்று ஒருவர் மலையேற இ-பாஸ் எப்படி எடுப்பது என்று கேட்டிருந்தார். அது மட்டும் இன்னும் விற்பனையில்தான் போய் விழுகிறது.