துக்க வீட்டுக்கு வாய்ஸ் நோட் அனுப்பும் முன்

அப்பா போன அன்று விடியற்காலையில் இருந்து மதியம் எடுக்கும் வரைக்கும் என் போன் ஓயவே இல்லை. எடுத்தவுடனே எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான், "எப்படிப்பா ஆச்சு?" ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு வாங்கியது, ஆட்டோ பிடித்துக் கொண்டு போனோம், வழியிலேயே முடிந்துவிட்டது. இதை முதலில் சொன்னபோது அழுதேன். இருபதாவது தடவை சொல்லும்போது யார் வீட்டுக் கதையையோ ஒப்பிப்பது மாதிரி என் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது, அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் அவர் சாவு எனக்கு மனப்பாடமாகிவிட்டது. கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாரும் பாசத்தில்தான் கூப்பிட்டார்கள்.

போன வாரம் ஒரு நண்பனின் அம்மா தவறிவிட்டார். எங்கள் பழைய கல்லூரிக் குழுவில் "கால் பண்ணலாமா, மெசேஜ் போதுமா, மெசேஜ் போட்டா மரியாதையா இருக்காதே, வாய்ஸ் அனுப்பிடட்டுமா" என்று ஒரு பேச்சு ஓடியது. எது மரியாதை என்று பார்ப்பதைவிட, நாம் அனுப்புவது அந்த வீட்டில் இருப்பவரிடம் எவ்வளவு வேலை வாங்கும் என்று பார்ப்பதுதான் சரி என்பது என் கருத்து.

முதல் நாள் எழுத்துதான். அதுவும் பதில் கேட்காத எழுத்து. "அம்மா தவறிய செய்தி கேட்டேன்டா. நாளைக்குக் காலையில் அங்கே இருப்பேன். இதற்குப் பதில் போட வேண்டாம்." இவ்வளவு போதும். அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், அதுதான் அவன் தோளில் இருந்து ஒரு சுமையை இறக்குகிறது. எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எந்தப் பஸ், எங்கே இறங்க வேண்டும் என்பதையெல்லாம் அவனிடம் கேட்கக் கூடாது. மச்சான், சித்தப்பா பையன், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராவது ஒருவர் இதற்கென்றே எல்லா வீட்டிலும் இருப்பார். அவர் நம்பரைக் குழுவில் ஒரு தடவை போட்டுவிட்டால் ஐம்பது அழைப்பு குறையும்.

வாய்ஸ் நோட் முதல் நாளில் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எழுத்தை ஒரு பார்வை பார்த்தால் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். குரலை ஓடவிட்டு முழுசாகக் கேட்டால்தான் தெரியும், அதற்கு ஒரு தனி இடம் வேண்டும், சாவு வீட்டில் தனி இடம் ஏது? கொள்ளி வைக்கிறவனின் போன் பெரும்பாலும் அவன் கையில் இருப்பதில்லை. என் போன் அன்று தங்கச்சி மாப்பிள்ளையிடம் இருந்தது. ஏதோ ஊர் தகவலாக இருக்கும் என்று நினைத்து அவர் ஒரு வாய்ஸைத் தட்டிவிட்டார், அது ஸ்பீக்கரில் கூடத்துக்கே கேட்டது. அனுப்பியவர் என் கூட வேலை பார்க்கும் அக்கா, தேம்பித் தேம்பி அழுதபடி பேசியிருந்தார். அப்போதுதான் கொஞ்சம் ஓய்ந்து உட்கார்ந்திருந்த அம்மா மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். அந்த அக்காவின் அழுகை உண்மையானது, அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் நம் அழுகை அவர்கள் காதில் விழுந்தால் அவர்கள் நம்மைத் தேற்ற வேண்டியதாகிவிடுகிறது.

நேரில் போவது பற்றி நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. "வாங்க" என்று யாரும் கூப்பிட மாட்டார்கள், கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று நாமும் சொல்ல மாட்டோம். பல வீடுகளில் செவ்வாய், வெள்ளியில் துக்கம் கேட்க வருவதை விரும்ப மாட்டார்கள், அதைமட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளலாம். எழுத்தாலும் போனாலும் முடியாத ஒன்று நேரில் நடக்கிறது, பேசாமல் இருக்கலாம். போனில் பத்து நொடி பேசாமல் இருந்தால் "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்பார்கள். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு அரை மணி நேரம் சும்மா இருந்தாலும் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அதனால் போக முடிகிற தூரம் என்றால் போய்விடுங்கள், மற்ற மூன்றும் போக முடியாதபோதுதான்.

ஆனால் எல்லாரும் ஒரே நாளில் போய்விடுகிறோம் என்பதுதான் என் வருத்தம். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் வீடு நிறைந்து இருக்கும். பதினேழாம் நாள் பந்தல்காரர் நாற்காலியை ஏற்றிக்கொண்டு போனதும் வீடு அப்படியே அமுங்கிவிடும். அம்மா மாதிரி இருப்பவர்களுக்கு அது இன்னும் கொடுமை, கணவர் போன பெண் சில மாதங்களுக்கு யார் வீட்டுக்கும் போகக் கூடாது என்று எங்கள் பக்கம் இன்னும் வைத்திருக்கிறார்கள் (அந்த வழக்கத்தின் மேல் எனக்கு இருக்கும் கோபத்தைத் தனிப் பதிவாகத்தான் எழுத வேண்டும்). அவர் போக முடியாது என்றால் நாம்தான் வர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எழுத்தால் பயன் இல்லை, வாய்ஸ் அனுப்பினால் பேரன் வந்து போட்டுக் காட்ட வேண்டும். அவருக்கு போன் அழைப்புதான், அதுவும் சாயங்காலம் நாலு, நாலரைக்கு. மதியச் சாப்பாடு முடிந்து விளக்கு வைப்பதற்கு முந்தைய அந்த நேரத்தில்தான் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு இருப்பார். அப்போது கூப்பிடுகிறவர் "எப்படி ஆச்சு" என்று கேட்காமல் "இன்னைக்கு என்ன குழம்பு" என்று கேட்டாலே போதும், மீதியை அம்மா பேசிக்கொள்வார்.

வாய்ஸ் நோட்டுக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. அப்பா போய் மூன்று மாதம் கழித்து அவரோடு வேலை பார்த்த ஒரு மாமாவிடமிருந்து முதலில் ஓர் எழுத்து வந்தது. "தம்பி, அப்பாவைப் பற்றி ஒரு நினைவு, ரெண்டு நிமிஷம் பேசியிருக்கேன். தனியா இருக்கும்போது கேளு, அவசரம் இல்லை." அதற்குக் கீழே வாய்ஸ். நான் அதைத் திறக்கவே நாலு நாள் ஆனது. ஒருநாள் மொட்டை மாடியில் காதில் வைத்துக் கேட்டேன். சம்பளம் வராத ஒரு மாதம் அப்பா தன் சைக்கிளை விற்று அந்த மாமாவின் மகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டியிருக்கிறார், வீட்டில் சைக்கிள் திருடு போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார். நடுவில் அப்பா பேசுகிற மாதிரியே மாமா பேசிக் காட்டினார், "விடுய்யா, சைக்கிள் என்ன பெரிய சைக்கிள்" என்று, அந்த இழுவை அப்படியே அப்பாதான். எழுதியிருந்தால் செய்தி வந்திருக்கும், அந்த இழுவை வந்திருக்காது.

அதனால் குரலில் மட்டுமே சொல்ல முடிகிற ஒன்று இருந்தால் குரலில் அனுப்புங்கள். மாதம் ஒன்றாவது கழியட்டும், உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு நேரம் என்று மேலே ஒரு வரி எழுதுங்கள். உங்கள் சாட்டில் செய்திகள் தானாக மறைகிற அமைப்பு போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், போட்டிருந்தால் 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ அது போய்விடும், 24 மணி நேரம் என்று வைத்திருந்தால் நாலு நாள் கழித்துத் திறக்கிறவனுக்கு ஒன்றும் மிஞ்சாது.

மாமா அனுப்பியதை நான் நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறேன். அம்மாவுக்குப் போட்டுக் காட்டியபோது அழவில்லை, "திருடு போச்சுன்னுல்ல சொன்னாரு மனுஷன்" என்று கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இன்னொரு தடவை போடச் சொன்னார்.