“மொத்தம் சரிதானே தம்பி?”

நேற்று இரவு பத்து மணிக்கு ஏற்பாட்டாளர் கோல் எடுத்துக் கேட்ட கேள்வி இது. பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில் நடந்த மாநாட்டுக்கு வருகை அறிக்கை செய்து அனுப்பியிருந்தேன். “412 பேர் பதிவு, 317 பேர் வந்தார்கள். அப்போ வராதவர்கள் 95 தானே? இதற்கு ஏன் இரண்டு நாள்?”

95 இல்லை ஐயா, இல்லவே இல்லை! அந்த 412 பேர் இல்லை, 412 வரிகள். அலுவலக மெயிலில் ஒரு தடவை, சொந்த மெயிலில் ஒரு தடவை என்று இரட்டைப் பதிவு 19. ரத்துச் செய்தவர்கள் 11. அவற்றைக் கழித்தால் 382. வந்த 317 பேரில் 46 பேர் பதிவே இல்லாமல் வாசலில் காசு கட்டி நுழைந்தவர்கள் என்று மேசைக் கணக்கு சொல்கிறது. மீதி 271. அப்படியென்றால் பதிந்துவிட்டு வராதவர்கள் 111.

இதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு கொதித்திருக்க மாட்டேன். அந்த 46 பேரில் 14 பேர் ஏற்கெனவே பதிந்து, ஒன்லைனில் காசும் கட்டியவர்கள்! மேசையில் இருந்தவர்கள் Sivakumar என்று தேடினார்கள், பட்டியலில் Shivakumar என்று கிடந்தது. தந்தை பெயரை முன்னால் போட்டவர், முதலெழுத்தோடு நிறுத்தியவர் எல்லாருக்கும் இதே கதி. “உங்கள் பெயர் இல்லை, புதிதாகப் பதியுங்கள்” என்று சொல்லித் திரும்பக் காசு வாங்கிவிட்டார்கள். இந்த 14 பேரும் மேசைக் கணக்கின்படி வராதவர்களாகவும் இருக்கிறார்கள், வாசலில் வந்தவர்களாகவும் இருக்கிறார்கள்.

பெயரை விட்டுவிட்டுத் தொலைபேசி எண்ணை வைத்துத்தான் இவர்களைப் பிடித்தேன். அதிலும் ஒருவர் 077 என்று எழுதுகிறார், இன்னொருவர் +94 77 என்கிறார், எக்செல் முதல் பூச்சியத்தை விழுங்கிவிடுகிறது. இடைவெளியை எடுத்துவிட்டுக் கடைசி 9 இலக்கத்தை ஒப்பிட்டால் மூன்றும் ஒன்றாகிவிடும்:

```
=RIGHT(SUBSTITUTE(B2," ",""),9)
```

நடுவில் கோடு போட்டு எழுதியவர்களை மட்டும் கையால் திருத்தினேன். ஒரே அலுவலக எண்ணைப் பல பேர் கொடுத்திருந்ததால், எண் பொருந்தியவர்களின் நிறுவனத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டு நாள் இதற்குத்தான் போனது.

திருத்திய கணக்கு இது: பதிந்து வந்தவர்கள் 285, வாசலில் வந்தவர்கள் 32, வராதவர்கள் 97. 285-உம் 32-உம் சேர்த்தால் அதே 317. மொத்தம் அசையவே இல்லை, அதனால்தான் பிழை யார் கண்ணிலும் படவில்லை! ஆனால் வராதவர்கள் 29 சதவீதத்திலிருந்து 25-க்கு இறங்கிவிட்டார்கள். பழைய எண்ணை நம்பி அடுத்த வருடம் சாப்பாட்டுக்குச் சொன்னால், மதியம் தட்டு இல்லாமல் நிற்கப் போவது யார்? 14 பேரிடம் இரண்டாம் தடவை வாங்கிய காசை யார் திருப்பிக் கொடுப்பது?

இதையெல்லாம் சொன்னேன். “சரி தம்பி, 317 என்று மட்டும் போட்டு அனுப்புங்கோ” என்றார்.

போட மாட்டேன். அந்த 14 பெயரையும் முதல் பக்கத்தில் போட்டு அனுப்பியிருக்கிறேன். அப்புறம், கழுத்தில் மாட்டுகிற அந்த அட்டையில் நிறுவனத்தின் பெயரை இவ்வளவு பெரிதாக அடித்துவிட்டு, ஆளின் பெயரை எறும்பு அளவுக்கு அடிப்பது யார்?