சுவரில் மாட்டிய ஏழு வரிகள்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். 2017இல் 'கட்டமைப்புக் கொள்கைகள்' என்று ஏழு வரி எழுதிச் சட்டம் போட்டு மாட்டினோம். 'பாதுகாப்பான மென்பொருளையே வாங்குவோம்' என்பது மூன்றாவது வரி. பாதுகாப்பில்லாததை வாங்குவோம் என்று யார் சொல்லப்போகிறார்கள்? எதிர்த்துப் பேச ஆளில்லாத வாக்கியம் கொள்கை ஆகாது. நான்கு வருடத்தில் அந்த ஏழு வரியும் சேர்ந்து ஒரு கொள்முதலைக்கூட நிறுத்தவில்லை.

2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு, பில்லை அரசின் தளத்தில் பதிவுசெய்யும் இ-இன்வாய்ஸ் முறை கட்டாயமானது. வரம்பு படிப்படியாக இறங்கி 2021 ஏப்ரலில் 50 கோடிக்கு வந்தபோது நாங்களும் அதற்குள் வந்துவிட்டோம். அப்போது எங்களிடம் பில் மூன்று இடத்தில் பிறந்துகொண்டிருந்தது: ஏற்றுமதிப் பிரிவில் ஒரு மென்பொருள், சாயப்பட்டறையில் வேறொன்று, கட்டிங் வேஸ்ட் விற்கும் குடோனில் எக்செல். விற்றுமுதல் பான் எண்ணை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்பதால் சின்னக் குடோனும் தப்பவில்லை. அங்கேதான் இடித்தது. ஒரே ஜிஎஸ்டி எண்ணில், ஒரே நிதியாண்டில், அதே பில் எண் இரண்டாம் முறை வந்தால் அரசின் தளம் ஏற்காது. குடோனும் ஏற்றுமதிப் பிரிவும் ஆளுக்கொரு பக்கம் 1, 2, 3 என்று போட்டுக்கொண்டிருந்தன. முதல் வாரமே பில்கள் திரும்பி வந்தன. அரசின் தளத்தோடு ஒரு இணைப்பு போதுமான வேலைக்கு மூன்று இணைப்புக்குச் செலவழித்தோம்.

பிறகு சட்டத்தைக் கழற்றிவிட்டு, நிறுவனத்தின் கணினிக் கட்டமைப்பைத் திட்டமிட உதவும் டோகாஃப் என்ற வழிமுறைப்படி கொள்கைக்கு நான்கு பகுதி வைத்து எழுதினோம்: பெயர், கூற்று, காரணம், விளைவு. கூற்று: 'பில் எண் ஒரே இடத்தில்தான் பிறக்கும்.' எழுதக் கை நடுங்குவது விளைவு என்ற பகுதியில்தான். யாருடைய வசதி பறிபோகிறது என்பதை அங்கே பச்சையாக எழுதியாக வேண்டும்.

சாயப்பட்டறை மேலாளர் உடனே கேட்டார்: "ஏன் தம்பி, ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி கிளம்பினால் யாரை எழுப்பிப் பில் போடுவது?"

நியாயமான கேள்வி. வெளியார் துணிக்குச் சாயமிடுவது கூலி வேலை, சேவை. துணி டெலிவரி சலானோடு போகட்டும், கூலிக்கான பில் காலையில் போடலாம் என்று விளைவுப் பகுதியிலேயே சேர்த்தோம்.

கூடவே ஒரு தாளில் வரைபடம்: நூல் கொள்முதல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், பேக்கிங், ஏற்றுமதி. எந்தத் தகவல் எந்தக் கட்டத்தில் பிறக்கிறது என்று மட்டும் அதில் குறித்திருக்கிறோம். ரெஃபரன்ஸ் மாடல் என்று பெரிய பெயர் சொல்வார்கள். எங்களுக்கு அந்த ஒரு தாள்தான். மென்பொருள் விற்க வருபவரிடம் அதை நீட்டி, உங்கள் சரக்கு எந்தக் கட்டத்தில் உட்காரும் என்று கேட்கிறேன். ஏற்கெனவே ஆள் இருக்கும் கட்டத்தைக் காட்டினால், பழையதை எப்போது நிறுத்துவது என்று முடிவாகாமல் விலை பேசுவதில்லை.

குடோனுக்கு மட்டும் பில் எண் கொள்கையிலிருந்து மார்ச் 31 வரை என்று தேதி போட்டு விலக்கு கொடுத்தோம். இரண்டு முறை நீட்டியாகிவிட்டது. மூன்றாம் முறையும் கேட்டால் குடோன்காரரைத் திட்டப்போவதில்லை. கொள்கையைத்தான் திருத்தி எழுதப்போகிறேன்.