க்ரொன் வச்சிருக்கிறது கேவலமா?

லினக்ஸில குறிச்ச நேரத்துக்கு வேலையை ஓட்டிவிடுற க்ரொனைத்தான் நாங்க வச்சிருக்கிறம். சனிக்கிழமைக் கூட்டத்தில நடந்தது உங்களுக்குத் தெரியும். "இன்னும் க்ரொன்லயா ஓட்டுறீங்க?" எண்டு கொழும்புத் தம்பி கேட்டதும், சபை சிரிச்சதும். அங்க நான் வாய் திறக்கல்ல. இப்ப சொல்றன்.

நாங்க மூணு பேர். மட்டக்களப்பில ஒரு அறை, ஒரு லினக்ஸ் மெஷின். அக்கரைப்பற்றிலயிருந்து ஓட்டமாவடி வரைக்கும் உள்ள கடைகள்ட விற்பனைக் கணக்கை ராவில இழுத்து, காலையில முதலாளிமாருக்கு அறிக்கை அனுப்புறம். அவ்வளவுதான் வேலை. இதுக்கு, ஒண்டோட ஒண்டு கோர்த்த நிறைய ஜொப்பை வரிசையா ஓட்டுறதுக்கெண்டு செஞ்ச எயார்ஃப்ளோவா?

எயார்ஃப்ளோ எண்டா ஷெட்யூலர், வெப் பக்கத்துக்கு ஒரு சேர்வர், அதுக்கெண்டு தனியா ஒரு டேட்டாபேஸ். டொக்கர்ல போட ஆகக் குறைஞ்சது 4 ஜிபி மெமரி வேணும் எண்டு அவங்கட வழிகாட்டியே சொல்லுது. ஷெட்யூலர் செத்தா அலேர்ட்டும் சேர்ந்து செத்துரும். அதைக் காவல் காக்க இன்னொருத்தர் வேணும். எங்களிட்ட அந்த நாலாவது ஆள் இல்ல தம்பி.

"கரண்ட் போனா க்ரொன் விட்ட வேலையைத் திருப்பி ஓட்டாதே!" உண்மை. 2.15க்கு ஓட வேண்டியது, 1.40க்கு கரண்ட் போய் 3.30க்கு வந்தா, க்ரொன் அதைப் பற்றி மூச்சே விடாது. எங்கட ஊர்ல கரண்ட் போறதை எங்களுக்கே சொல்லித் தாறீங்களா? அதுக்குத்தான் எங்கட லைன் இப்பிடி இருக்கு:

```
0 * * * * flock -n /tmp/sales.lock /opt/jobs/sales.sh
```

ஒவ்வொரு மணிக்கும் எழும்பும். முடிஞ்சுபோன ஏழு நாளில எந்த நாள்ட கணக்கு முழுசா வரல்ல எண்டு டேபிளைப் பார்க்கும். குறையிற நாளுக்கு மட்டும், இருக்கிற வரிகளை அழிச்சிட்டு ஒரே ட்ரான்ஸாக்‌ஷன்ல திரும்பப் போடும். குறை இல்லாட்டி படுத்துரும். முந்தின ஓட்டம் முடியல்லயெண்டா `flock` புதுசை விடாது. 3.30க்கு கரண்ட் வந்தா நாலு மணிக்கு எல்லாம் சரி. ஸ்கிரிப்ட்ட கடைசி வரியில வெளிய உள்ள ஒரு கண்காணிப்புத் தளத்துக்கு ஒரு பிங். காலை ஆறு வரைக்கும் பிங் வரல்லயெண்டா ஃபோன் அடிக்கும்.

"அப்ப கிளவுட் ஷெட்யூலர்?" மலிவுதான். கூகுள்ல மாசம் மூணு ஜொப் இலவசம், அதுக்கு மேல ஒண்டுக்கு மாசம் பத்து அமெரிக்க சதம். ஆனா அது மணி மட்டும்தான் அடிக்கும், வேலை செய்யிறதுக்கு வேற இடம் பார்க்கணும். சிலநேரம் ஒரே மணியை ரெண்டு தரமும் அடிக்கும், அதை அவங்களே எழுதி வச்சிருக்காங்க. அழிச்சுப் போடுற ஸ்கிரிப்ட் இல்லாட்டி விற்பனை ரெட்டிப்பாகும். ஆகவே எதை வச்சாலும் அந்த ஸ்கிரிப்ட்டைத்தான் எழுதணும். எழுதின மறுகா க்ரொன் போதும். திரும்பவும் சொல்றன், போதும்.

ஒண்டை ஒண்டு நம்பியிருக்கிற ஜொப் நூறு, கை வைக்கிறவங்க பத்துப் பேர் எண்டா எயார்ஃப்ளோ போடுங்க, நான் மறிக்கல்ல. அந்த ஸ்கிரிப்ட்டை எழுதினது பக்கத்துக் கதிரையில இருந்த எங்கட தங்கச்சி. நீங்க சிரிக்கக்குள்ள அவ ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருந்தா. ஸ்கிரிப்ட்டைக் காட்டச் சொல்லி ஒருத்தர் கேட்டீங்களா?

"எயார்ஃப்ளோ இல்லாட்டி சீவி எடுபடாது அண்ணன்" எண்டு இன்பொக்ஸுக்கு வந்தவருக்கு: அது நேர்மையான காரணம். அப்ப சீவிக்காகப் போடுறன் எண்டு சொல்லிப் போடுங்க, கடைக்காரர்ட காசில போடாதீங்க.