‘சிபிஎஸ்இ பாடத்திட்டம்’ என்று போட்டிருந்தால் அது சிபிஎஸ்இ பள்ளி ஆகிவிடாது

கோத்தகிரியில் இருக்கும் என் தங்கை போன் செய்தாள். “அக்கா, பெரியவனுக்கு ஒன்பதாம் வகுப்பில் இடம் கிடைத்துவிட்டது. சிபிஎஸ்இ. நாளைக்கு 20,000 கட்டச் சொல்கிறார்கள்.” குரலில் அவ்வளவு சந்தோஷம். “பள்ளிக்கு சிபிஎஸ்இ வாரியம் கொடுத்த இணைப்பு எண்ணைக் கேட்டாயா?” என்றேன். ஆபீசில் கேட்டு, வாட்ஸ்அப்பில் 11 இலக்க எண் ஒன்றை அனுப்பினாள்.

அது இணைப்பு எண் இல்லை, யுடைஸ் எண். தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33-இல் தொடங்கும். பள்ளிகளைக் கணக்கெடுப்பதற்காகக் கொடுக்கும் எண் அது. அங்கீகாரம் இல்லாத பள்ளிகளும் அந்தக் கணக்கில் வரும். அதைக் காட்டி “நாங்கள் அரசுப் பதிவு பெற்றவர்கள்” என்று சொல்வதை இங்கே பலமுறை கேட்டிருக்கிறேன். அது அங்கீகாரத்துக்கு ஆதாரமே ஆகாது.

மறுநாள் வற்புறுத்திக் கேட்ட பிறகு 7 இலக்க எண் வந்தது. saras.cbse.gov.in தளத்தில் இணைப்புப் பெற்ற பள்ளிகளின் பட்டியல் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தேடினேன். பள்ளியின் பெயர் இருந்தது. பெயரைப் பார்த்ததும் நிம்மதியாகி மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம். அங்கே பார்க்க வேண்டியவை இன்னும் மூன்று: எந்த நிலை வரை இணைப்பு, எந்தத் தேதி வரை, எந்த முகவரிக்கு.

தேதி சரி, முகவரியும் சரி. நிலை மட்டும் ‘மிடில்’ என்று இருந்தது. அதாவது எட்டாம் வகுப்பு வரை. பத்து வரை நடத்த ‘செகண்டரி’ என்றும், பன்னிரண்டு வரை நடத்த ‘சீனியர் செகண்டரி’ என்றும் இருக்க வேண்டும். இவர்களோ ஒன்பதாம் வகுப்புக்குப் பணம் வாங்குகிறார்கள்.

தங்கை நேரில் போய்க் கேட்டாள். “விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும். அதுவரைக்கும் மலைக்குக் கீழே இருக்கும் எங்கள் இன்னொரு பள்ளியின் பெயரில் பதிவு செய்துகொள்வோம், பரீட்சை அங்கே போய் எழுதலாம்” என்றார்களாம். சாதாரணமாகச் சொன்ன இந்த ஒரு வரியில்தான் பிள்ளையின் இரண்டு வருடம் அடங்கியிருக்கிறது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பதிவு சிபிஎஸ்இயில் ஒன்பதிலேயே நடந்துவிடும். பிள்ளை படிப்பது கோத்தகிரியில், பதிவு கீழே ஒரு பள்ளியில் என்றால், அவன் போகாத வகுப்புக்கு அங்கே வருகை போட வேண்டும். தேர்வு எழுத 75 சதவீத வருகை கட்டாயம். ஆய்வில் அது பிடிபட்டால் மாட்டிக்கொள்வது பிள்ளைதான். சரி, பத்தில் வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றால், ஒன்பதாம் வகுப்பை இணைப்புப் பெற்ற பள்ளியில் முறையாகப் படித்திருந்தால்தான் பத்தில் சேர்ப்பார்கள். மாற்றுச் சான்றிதழில் எந்தப் பள்ளியின் பெயர் வரும் என்று தங்கை கேட்டதற்குப் பதிலே இல்லை.

வாரியத்தின் இணைப்பு வேறு, மாநில அரசின் அங்கீகாரம் வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெட்ரிகுலேஷன் பள்ளி என்றால் அங்கீகார ஆணையைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். அதிலும் எந்த வகுப்பு வரை, எந்த நாள் வரை என்று இருக்கும். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் வைத்துத்தான் அதைப் புதுப்பிக்கிறார்கள். நம் மலையில் கட்டட அனுமதி வாங்குவது எவ்வளவு பாடு என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் தேதி முடிந்த ஆணையைக் காட்டினாலே ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். புதுப்பிக்க விண்ணப்பித்ததற்கான ஒப்புகையைக் கேளுங்கள். பழைய ஆணையும் ஒப்புகையும் கையில் இருக்கும் பள்ளியும், ஆணையே இல்லாத பள்ளியும் ஒன்றல்ல. சந்தேகம் இருந்தால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

தங்கை கடைசியாக ஒன்றைத்தான் கேட்டாள்: “பையனை எந்தப் பள்ளியின் பெயரில் பதிவு செய்வீர்கள் என்று லெட்டர்பேடில் எழுதிக் கொடுங்கள்.” கொடுக்கவில்லை. பணத்தைக் கட்டாமல் திரும்பி வந்துவிட்டாள். பையன் இப்போது குன்னூரில் படிக்கிறான். காலையில் இருட்டோடு கிளம்ப வேண்டியிருக்கிறது, அவளுக்கு அது வருத்தம்தான்.

ஆனால் அந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது. இப்படி ஒரு பள்ளியில் உங்கள் பிள்ளை ஒன்பதில் இருந்தால், பதிவு முடிவதற்குள் போய், பதிவுப் பட்டியலில் பிள்ளையின் பெயர் எந்தப் பள்ளியின் இணைப்பு எண்ணுக்குக் கீழே இருக்கிறது என்று கேளுங்கள். அந்த 7 இலக்கத்தை மேலே சொன்ன தளத்தில் தேடிப் பாருங்கள். தேடத் தெரியாவிட்டால் எண்ணை எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.