ஒரு ஏலக்காய்க்கு ஐந்து நிமிடம்

சிகரெட்டை விட்டு 14 மாதம் ஆகிறது. "விடணும்னா சோம்பு மெல்லு" என்று எல்லோரும் சொன்னார்கள். எப்படி மெல்ல வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

வியாசர்பாடியில் லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். நாளுக்கு எட்டு சிகரெட். அதில் விடமுடியாதது 11 மணி டீயோடு பிடிப்பதுதான். முதல் வாரம் டீக்கடையில் நின்று ஒரு பிடி சோம்பை மொத்தமாக வாயில் போட்டு மென்றேன். அரை நிமிடத்தில் தீர்ந்தது. கிளாஸில் முக்கால் டீ மிச்சம், கை சும்மா இருக்கிறது. நான்காம் நாள் பக்கத்தில் நின்றவரிடம் ஒன்று வாங்கிப் பற்ற வைத்துவிட்டேன்.

அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சிகரெட்டுக்குச் சுமார் 10 இழுப்பு, ஐந்தாறு நிமிடம். எட்டுக்கு 80 தடவை கை வாய்க்குப் போய்வருகிறது. அந்தக் கைக்கும் வேலை வேண்டும்.

அதற்கு ஏலக்காய்தான் சரி. தோலை நகத்தால் பிளந்து, விதையை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போடுவேன். அடுத்த விதை, முந்தையது கரைந்த பிறகுதான். டீ முடியும்வரை ஒரு காய் வரும். தவிப்பும் பெரும்பாலும் அந்தச் சில நிமிடத்தில் தணிந்துவிடும். சோம்பையும் இப்படியே இரண்டு இரண்டாக எடுத்தால் பலன் உண்டு. கலர் சர்க்கரை பூசியது வேண்டாம், பல் போய்விடும். பாக்கெட்டில் விற்கும் கலவையில் பாக்கு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பாக்கும் புற்றுநோய் தருவதுதான்.

பட்டையை விரலிடுக்கில் பிடித்துக் காற்றை இழுக்கலாம், சிகரெட் போலவே இருக்கும். ஆனால் மளிகைக் கடையில் கிடைக்கும் தடித்த பட்டையில் கூமரின் அதிகம், தினமும் மென்று விழுங்கினால் ஈரலுக்கு ஆகாது. மெல்லிய அடுக்காகச் சுருண்ட சிலோன் பட்டை வாங்குங்கள், அதையும் மெல்லாதீர்கள். எங்கள் பட்டறைத் தம்பி ஒருவன் நாள் முழுக்க மென்றதில் கன்னத்தின் உள்பக்கம் சிவந்து எரிந்தது. நிறுத்தியதும் ஆறிவிட்டது.

கையில் ஆயில் இருக்கும் நேரத்துக்குச் சர்க்கரையில்லாத சூயிங்கம். அதிகம் மென்றால் அதிலுள்ள சார்பிட்டால் வயிற்றைக் கலக்கும், நான் நாலோடு நிறுத்திக்கொள்வேன்.

இவை எதிலும் நிகோடின் கிடையாது. என் மச்சான் எழுந்த அரை மணிக்குள் பற்ற வைப்பவர். ஏலக்காய் அவருக்குப் போதவில்லை, எரிச்சலும் தூக்கமின்மையும் தாங்க முடியவில்லை. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசி, டாக்டரையும் பார்த்த பிறகு, நிகோடின் கம் எடுத்துக்கொள்கிறார். அதைச் சாதாரண கம் போல மெல்லக் கூடாது. காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். டீ குடித்துக் கால் மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து சரியாக ஏறாது. அதனால் டீக்கடையில் மட்டும் அவரும் ஏலக்காய்தான் உரிக்கிறார்.